பூக்கல்லு வேணும்னா என்னைக் கூப்பிடுங்க

எல்லாருக்கும் வணக்கம். நான் மீனாட்சி, ஆத்தங்குடியில டைல்ஸ் பட்டறை வச்சிருக்கேன், என்னையும் சேத்து ஆறு பேரு வேலை பாக்குறோம். ஆயா வீட்டு வளவுல காலை வச்சா சில்லுன்னு இருக்குமே, அந்தப் பூக்கல்லுதான். கண்ணாடி மேல அச்சை வச்சு கலரைக் கையாலயே ஊத்தி, மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, அப்புறம் தண்ணித் தொட்டியில ஊறப்போட்டு எடுக்குறோம், சூளையில சுடுறதே கெடையாது, அந்த வழவழப்பு கண்ணாடியில இருந்து வர்றது. கைவேலைங்கிறதால ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், அதைக் கொறைன்னு சொல்றவங்களுக்கு நான் விக்கிறதில்ல (சும்மா சொன்னேன், விப்பேன்).

இப்ப எனக்கு வேண்டியது, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீட்டை ரிப்பேர் பாக்குறவங்க, ஹோம்ஸ்டே ஆக்குறவங்க, அவங்களோட இன்ஜினியர், யாராவது தெரிஞ்சா சொல்லுங்க. ஒடஞ்ச கல்லு ஒண்ணு கொண்டாந்தாப் போதும், அதே டிசைனுக்கு அச்சு பண்ணி அடிச்சுத் தருவேன், ஆனா கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மட்டும் வந்து நிக்காதீங்க, ஒரு மாசம் முன்னாடியே சொல்லிருங்க.

சாம்பிள் கல்லு ரெண்டு டீ டேபிள்ல வச்சிருக்கேன், தூக்கிப் பாருங்க, நல்ல கனமா இருக்கும், கால்ல போட்டுக்காதீங்க.