ஈய எழுத்து

உன்னை அன்னையே, அமுதே என்றெல்லாம் கூப்பிட
எனக்கு வாய் வராது, தமிழே.
அதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள், கையில் மைக்கும் இருக்கிறது.
எனக்கு நீ பழக்கமானது பாளையங்கோட்டையில் ஒரு சந்துக்குள்,
மையும் மண்ணெண்ணெயும் மணக்கிற அச்சகத்தில்,
அப்பாவின் இடது கையில் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்குக்குள்ளே நீ தலைகீழாக,
வரிசை பிசகாமல், ஈயமாக நின்றபோது.

அப்பா கம்போசிட்டர்.
எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்,
ஒற்று மிகும் இடமும் மிகாத இடமும் அவருடைய விரலுக்குத் தெரியும்,
ஏன் என்று கேட்டால் முழிப்பார்.
கல்யாண மாசம் வந்துவிட்டால் எழுத்துக் கேஸில் 'தி' தீர்ந்துபோகும், 'ச்' தீர்ந்துபோகும்,
ஊரில் அத்தனை திருநிறைச்செல்வன்கள், அத்தனை திருநிறைச்செல்விகள்,
முதல் பக்கம் அடித்து, எழுத்தைப் பிரித்துப் போட்ட பிறகுதான் அடுத்த வீட்டுக் கல்யாணம்.
கண்ணீர் அஞ்சலிக்கு 'ஞ்' வேண்டும்.
'ங' மட்டும் புள்ளியில்லாமல் தன் அறையில் சும்மா கிடக்கும்,
நோட்டீஸின் அடியில் 'இங்ஙனம்' போடும்போதுதான் அதற்கு வேலை.
'ஙௌ' எங்கேப்பா இருக்கு என்று கேட்டேன்.
"அது பரீட்சைக்கு உள்ளதுலே, அதை வச்சு யாரும் கல்யாணம் பண்ண மாட்டாவ."

வாசலில் யாரோ வர, "அத்தை வந்தாவளா?" என்று வாய் கேட்கும்,
அதே நேரம் கை 'வருகை தந்து வாழ்த்தியருளுமாறு' என்று கோத்துக்கொண்டிருக்கும்.
எது நீ என்று நான் ஒருநாளும் குழம்பவில்லை, அவரும்தான்.
குழம்பியவர்கள் எல்லாம் பிற்பாடு கட்டுரை எழுதினார்கள்.

அப்புறம் 1978.
அரசாணை வந்தது, லை, னை, ணை, ளைக்குத் தும்பிக்கை போனது,
ணா, றா, னாவின் சுழி போய்ச் சாதாரணக் கால் வந்தது.
ஆணை ஒரு நாளில் வந்துவிடும், ஈயம் அப்படி வராது,
வாங்கக் காசு வேண்டும்,
அதனால் கொஞ்ச காலம் ஒரே பத்திரிகையில் மாப்பிள்ளை பழைய எழுத்திலும் பெண் புது எழுத்திலும் இருந்தார்கள்,
நல்லாத்தான் குடும்பம் நடத்தினார்கள்.
அப்பாவின் கைதான் பாவம், பழைய அறைக்கே போய்ப் போய்த் திரும்பியது.

நீ மாறவே மாட்டாய் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.
ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று
புள்ளியே வைக்காமல் எழுதினார்கள்,
எது க, எது க் என்று படிக்கிறவன் பாடு.
எகரமா ஏகாரமா என்று தடுமாறாதபடி வடிவம் திருத்தியது
இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர்.
ஓலையும் ஈயமும் சாமியாரும் சர்க்காரும் தொட்டுத் தொட்டுத்தான்
இந்த முகம் உனக்கு.

அண்ணன் மகள் போனில் உன்னை ஆங்கில எழுத்தில் அடிக்கிறாள்.
அண்ணனுக்கு ஆத்திரம், தமிழ் செத்துப்போச்சு என்கிறான், வீட்டில் ஒரே ரகளை.
நான் அவனிடம் லிஸ்பனைச் சொன்னேன்:
டேய், நீ முதன்முதலில் அச்சேறியதாக நமக்குக் கிடைத்த புத்தகமே, 1554இல், லிஸ்பனில், ரோமன் எழுத்தில்தான்!
(உன்னைத்தான் சொன்னேன் தமிழே, அவன் தன்னை என்று நினைத்து முறைத்தான்.)
உன் சொந்த எழுத்தில் தம்பிரான் வணக்கம் வரக் கொல்லத்தில் 1578 ஆனது,
அதைக் கொண்டுவந்த போர்த்துக்கீசியர் அன்றீக்கு அடிகளார்
நம் பக்கத்துப் புன்னைக்காயலில் மீன்காரர்கள் பேசக் கேட்டு உன்னைப் படித்தவர்.
இருபத்து நாலு வருசம் பொறுத்தாய்.
இந்தப் பிள்ளைக்குப் பொறுக்க மாட்டாயா?

அதுக்காக எல்லாவற்றையும் சரி என்று விடுகிற ஆள் இல்லை நான்.
இன்றைக்கு அச்சகம் இருந்த இடத்தில் என் பிளெக்ஸ் கடை.
பலகைக்குப் பலகை ழகரத்தை ளகரமாக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் மல்லுக்கட்டுகிறேன்,
ராத்திரி போர்த்துக்கீசியர் விட்டுப்போன ஜன்னலைச் சாத்தி, அவர்களே விட்டுப்போன சாவியால் பூட்டி,
அரபியிலிருந்து வந்த பாக்கியை அரபியிலிருந்து வந்த வசூல் பண்ண அலைகிறேன்,
எல்லாம் உன் வீட்டுச் சாமான்தான், யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை.

இதோ, முக்கால் மணி நேரமாக ஒரு தம்பி உட்கார்ந்திருக்கிறான்,
தலைவருக்குப் பிறந்தநாள், பத்துக்கு எட்டு.
வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்று புலவர்களே கட்சி பிரிந்து நிற்கிற இடம்,
நான் வாழ்த்துகள் கட்சி,
அப்பா வாழ்த்துக்கள் கட்சி என்று வைத்துக்கொள், அவரிடம் 'க்' தாராளமாக இருந்தது.
ஒற்று வேண்டாம்ப்பா, என்று அரைமணி நேரம் விளக்கிவிட்டேன்,
அவன் திரையைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், போனைப் பார்க்கிறான்:

"அண்ணாச்சி, போன வருசம் போட்டதுல ஒரு 'க்' கூட இருந்துச்சே.
இப்ப அதை எடுத்துட்டா ரேட்டு எவ்வளவு குறையும்?"