நிலாவின் நிலக்கடலை ஒவ்வாமை: ஆசிரியைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். நிலாவுக்கு நிலக்கடலை கடுமையான ஒவ்வாமை. ஒரு துணுக்குகூடக் கூடாது. அடுத்த குழந்தையின் டப்பாவில் கையை விடுவாளோ என்பதுதான் என் பயம். அவள் கைவேகம் உங்களுக்கே தெரியும்.

தோலில் தடிப்பு மட்டும் என்றால் என்னை அழையுங்கள், அவளைத் தனியே விடாதீர்கள். மூச்சிரைப்பு, விடாத இருமல், குரல் கம்மல், நாக்கு வீக்கம், திடீர்த் துவளல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே படுக்கவைத்து, பையிலுள்ள அட்ரினலின் ஊசியின் நீல மூடியைக் கழற்றி, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்புற நடுவில், உடைக்கு மேலேயே அழுத்தி 3 விநாடி பிடியுங்கள். அடுத்து ஆம்புலன்ஸ், அதன் பிறகே எனக்கு. மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம், நடக்கவிடக் கூடாது. 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. சந்தேகமாக இருந்தாலும் போடுங்கள், நான் கோபிக்க மாட்டேன்.

நன்றியுடன்,
நிலாவின் அம்மா