ஏணிக் கணக்கு: முதலில் படத்தை நிமிர்த்து

தம்பி,

பட்டர்வொர்த்திலிருந்து நேற்றிரவு நீ அனுப்பிய படத்தையும் அதன் கீழே எழுதிய விடையையும் பார்த்தேன். 5 மீட்டர் ஏணி தரையோடு 65° கோணத்தில் சுவரில் சாய்ந்திருக்கிறது, அதன் நுனி சுவரில் எவ்வளவு உயரத்தில் தொடும் என்பதுதான் கேள்வி. நீ 2.11 மீட்டர் என்று எழுதியிருக்கிறாய். அது அந்த உயரம் அல்ல. ஆனால் பெருக்கலில் நீ தவறவில்லை. படத்தைப் பார்த்த விதத்தில்தான் தவறிவிட்டாய்.

நண்பனின் புத்தகத்தை அவன் படம்பிடித்து அனுப்பியபோது அது பக்கவாட்டில் திரும்பிவிட்டது. தரை நட்டுக்குத்தாக நிற்கிறது, சுவர் படுத்துக் கிடக்கிறது. நிற்பதைச் சுவர் என்று எடுத்துக்கொண்டாய். கைப்பேசியைத் திருப்பிப் பார். அவனுடைய கட்டைவிரல் நிழல் விழுந்த மூலையில் ஒரு சிறு வில்லும் 65° என்ற எழுத்தும் மங்கலாகத் தெரியும். ஏணியின் கால் தரையைத் தொடும் இடம் அதுதான். சின்னச் சதுரம் போட்ட மூலை செங்கோணம். சுவரும் தரையும் சந்திப்பது அங்கே.

இனி பக்கங்களுக்குப் பெயர் வைப்போம். செங்கோணத்திற்கு எதிரே இருக்கும் ஏணி கர்ணம். பள்ளியில் ஹிப்போத்தெனுஸ் என்கிறீர்களே, அதுதான். நீளம் 5 மீட்டர். நமக்கு வேண்டியது ஏணியின் நுனி சுவரைத் தொடும் உயரம், h. அது 65° கோணத்தைத் தொடாமல் எதிரே நிற்கிறது. எதிர்ப்பக்கமும் கர்ணமும் சேர்ந்தால் சைன்.

sin 65° = h / 5
h = 5 × sin 65°
h = 5 × 0.9063
h = 4.53 மீட்டர்

உன்னுடைய 2.11 என்பது 5 × cos 65°. சுவரடியிலிருந்து ஏணியின் கால் வரை உள்ள தூரம் அது. அதை வீணாக்காதே, விடையைச் சரிபார்க்க உதவும்: 4.53² + 2.11² = 24.97. ஏணியின் வர்க்கம் 25. தசமத்தைச் சுருக்கியதால் வந்த சிறு வித்தியாசம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனி. கால்குலேட்டர் ரேடியனில் இருந்தால் இதே கணக்கு 4.13 மீட்டர் என்று வரும். 4.53-க்குப் பக்கத்திலேயே இருப்பதால் சந்தேகமே வராது. அதனால்தான் எனக்கு அந்தத் தவற்றைக் கண்டால் பயம். தொடங்குமுன் sin 30 தட்டிப் பார். 0.5 வந்தால் பாகையில் இருக்கிறது. -0.988 வந்தால் மாற்றிவிடு.

தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்கும்போது ஏணியை 65 பாகையில் சாய்க்காதே, கால் வழுக்கும். நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தள்ளி வைப்பதுதான் வழக்கம். அது ஏறக்குறைய 76 பாகை. அப்படி வைத்தால் இந்த 5 மீட்டர் ஏணி எவ்வளவு உயரம் எட்டும் என்று கண்டுபிடித்து, படம் வரைந்து, நாளை அனுப்பு. புத்தகத்தை நேராக வைத்துப் படமெடு.