மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலத்தல்: செயல்முறை

குடிநீர் | செ.மு. 07 | பதிப்பு 2 | பக்கம் 1/2

| பதிப்பு | தேதி | மாற்றம் |
|---|---|---|
| 1 | 10.01.2023 | முதல் வெளியீடு |
| 2 | 03.06.2024 | பிரிவு 3 சேர்ப்பு |

1. நோக்கம்
30,000 லிட்டர் தொட்டிக்குத் தினசரி குளோரின் கலத்தல். பொறுப்பு: தொட்டி இயக்குபவர்.

2. கலக்கும் முறை
2.1 கையுறை, முகக்கவசம் கட்டாயம்.
2.2 120 கிராம் பிளீச்சிங் பவுடரை (1,000 லிட்டருக்கு 4 கிராம்) வாளித் தண்ணீரில் கரைக்கவும். கட்டி தட்டி, நெடி போன பவுடர் வேண்டாம். அதில் வீரியம் இருக்காது.
2.3 சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றவும்.
2.4 அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்கவும்.

குடிநீர் | செ.மு. 07 | பதிப்பு 2 | பக்கம் 2/2

3. சோதனை
கடைசித் தெருக் குழாய்த் தண்ணீரைக் குளோரோஸ்கோப்பில் பார்க்கவும். 0.2 பிபிஎம் இருந்தால் சரி. குறைந்தால் செயலாளருக்குப் போன் செய்யவும். அளவைத் தானாகக் கூட்டக் கூடாது.

4. ஒப்புதல்

| பணி | பதவி | தேதி |
|---|---|---|
| தயாரித்தவர் | ஊராட்சிச் செயலாளர் | 30.05.2024 |
| ஒப்புதல் | ஊராட்சித் தலைவர் | 03.06.2024 |