உணவு வரலாறும் கொழுப்பு இலக்குகளும்: சிம்மக்கல், 46 வயது, ஆண்

பார்த்த நாள் 10.06.2025. மளிகைக்கடை வைத்திருக்கிறார், நாள் முழுக்க கல்லாவில்தான். அப்பாவுக்கு 54 வயதில் மாரடைப்பு. இடுப்பு 98 செ.மீ. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் எல்டிஎல் 168, ட்ரைகிளிசரைடு 212, எச்டிஎல் 38, மொத்தம் 248. மூன்று மாத சர்க்கரை 6.3. தைராய்டு சரியாக இருக்கிறது, குடி கிடையாது.

"வீட்ல நல்லெண்ணெய் தவிர வேற கிடையாது மேடம்" என்றுதான் ஆரம்பித்தார். சரி, அதை விட்டுவிட்டு மாதம் என்னென்ன வாங்குகிறீர்கள் என்று வீட்டம்மாவிடம் கேட்டேன். நாலு பேருக்கு நல்லெண்ணெய் 2 லிட்டர், கடலை எண்ணெய் 1, ரேஷன் பாமாயில் 1. பாமாயில் "பொரிக்க மட்டும்" என்பதால் கணக்கிலேயே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வடை சுட்ட எண்ணெய் புதன் வரை தாளிக்க ஓடுகிறது. ஆளுக்கு நாளைக்கு 30 கிராம் எண்ணெய் ஆகிறது.

ஆனால் பெரிய பங்கு எண்ணெயில் இல்லை. டீ, காபி, தயிர் எல்லாம் சேர்த்து இவருக்கு மட்டும் 400 மி.லி. ஆரஞ்சு பாக்கெட் பால், அதிலேயே சுமார் 15 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. எண்ணெய்களில் 7, தினமும் சோற்றில் விடும் இரண்டு ஸ்பூன் நெய்யில் 6, கடை அடைத்துவிட்டு வாரம் மூன்று இரவு சாப்பிடும் பரோட்டா சால்னாவில் சராசரியாக 4, ஞாயிறு மட்டனில் 2. மொத்தம் 34 கிராம் என்பது என் தோராயம். 2000 கலோரியில் 15 சதவீதம், இருக்க வேண்டியதோ 7. ட்ரைகிளிசரைடுக்கு வேறு காரணமும் உண்டு: நாலு டீயிலும் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை, இரவிலும் குவியலாக வெள்ளைச் சோறு.

பேசி ஒத்துக்கொண்டவை, அவர் கையெழுத்துடன்:

நிறைவுற்ற கொழுப்பு நாளைக்கு 15 கிராமுக்குள். பால் 3% கொழுப்புள்ளதாக, 250 மி.லி. பாமாயில் இனி வாங்குவதில்லை, வீட்டுக்கு மாதம் இரண்டரை லிட்டர் எண்ணெய்தான், பொரித்ததைத் திரும்பச் சுட வைப்பதில்லை. நெய் வாரம் இரண்டு ஸ்பூன் (இதற்குத்தான் ரொம்ப நேரம் பேரம் நடந்தது). பரோட்டா பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, சால்னா ஒரு கரண்டி. மத்தி மீன் குழம்பு வாரம் இரண்டு நாள், வறுவலாக வேண்டாம். சாயங்கால வடைக்குப் பதில் சுண்டல். சர்க்கரை கப்புக்கு அரை ஸ்பூன்.

12 வாரத்தில் எல்டிஎல் 140-க்குக் கீழே, ட்ரைகிளிசரைடு 150-க்குக் கீழே, இடுப்பு 94. டாக்டர் குறித்திருக்கும் எல்டிஎல் 100 சாப்பாட்டால் மட்டும் வரும் என்று நான் நினைக்கவில்லை, அவரிடமும் சொல்லிவிட்டேன். அப்பாவின் கதையைப் பார்த்தால் மாத்திரை பற்றி டாக்டர் இப்போதே யோசிப்பது நல்லது.

மறுபரிசோதனை 02.09.2025, வெறும் வயிற்றில். எண்ணெய், பால் வாங்கிய கணக்கை வீட்டம்மா எழுதி எடுத்து வருவார்.