பத்துக்கு எட்டு

அக்ரிமென்ட் முடிய இன்னும் இருபது நாள். கடை ஓனர் அண்ணாச்சி படியேறும்போதே சொல்லிவிட்டார்.

“அடுத்த மாசத்திலிருந்து ஒன்பதாயிரம் ஆக்கிருவோம், முருகேசா.”

இப்போது வாடகை 6,000. முருகேசன் தையல் மிஷினை நிறுத்தினான். மறுக்கவில்லை, மேஜை டிராயரிலிருந்து அளவு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினான்.

“பக்கத்து சாவிக் கடையும் இதே பத்துக்கு எட்டு அடிதான். ஏழாயிரம் தர்றாரு. அவருக்குக் கூரை ஒழுகல. எனக்குப் போன ஐப்பசியில நாலு யூனிபார்ம் துணி நனைஞ்சு வீணாப் போச்சு, அண்ணாச்சி. கைக்காசு போட்டுத்தான் கொடுத்தேன்.”

அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். தகர ஷீட்டில் பழுப்புக் கறை, ஏறக்குறைய இலங்கை வரைபடம் மாதிரி.

“ஏழரை?”

“ஷீட்டை நீங்க மாத்துங்க, ஏழு தர்றேன். மூணு வருஷ அக்ரிமென்ட். வருஷம் அஞ்சு சதவீதம் ஏத்திக்கலாம். அட்வான்ஸ் பழைய ஐம்பதாயிரமே இருக்கட்டும்.”

அண்ணாச்சி விரல்விட்டுக் கணக்குப் போட்டார். மூன்றாம் வருடம் 7,700-ஐத் தாண்டும்.

“சரி, ஷீட்டு இந்த வாரமே. ஆனா வாய்ப்பேச்சு வேண்டாம், பத்திரத்துல எழுதிருவோம்.”

“அதைத்தான் நானும் கேக்க நினைச்சேன்.”

இறங்கப் போனவர் திரும்பினார். “மருமக பிளவுஸ் என்னாச்சு?”

“கொக்கி மட்டும்தான் பாக்கி, அண்ணாச்சி.”