செயலும் மனமும்: குற்றவியல் வகுப்புக்கான ஸ்லைடுகள்

(மூன்றாண்டு சட்டப்படிப்பு, முதல் பருவம். பாரதிய நியாய சன்ஹிதா, 2023 அடிப்படையில். 50 நிமிடம். சாய்வடைப்புக்குள் இருப்பவை வகுப்பில் பேசுவதற்கு.)

ஸ்லைடு 1: ஒரே செருப்பு, இரண்டு கேள்வி

கோயில் வாசலில் நூறு ஜோடி கிடக்கிறது. ஒருவர் தன்னுடையது என்று நினைத்து, அதே நிறம் அதே கம்பெனி என்பதால் இன்னொருவருடையதை மாட்டிக்கொண்டு போகிறார்.

- என்ன செய்தார்? அடுத்தவர் பொருளை, அவர் சம்மதமில்லாமல், இடம் மாற்றினார். ஆக்டஸ் ரியஸ், அதாவது குற்றச்செயல், இருக்கிறது.
- எந்த மனத்தோடு செய்தார்? தன் பொருள் என்ற நம்பிக்கையோடு. மென்ஸ் ரியா, அதாவது குற்றமனம், இல்லை.

பிரிவு 303(1)இன்படி இது திருட்டு ஆகாது.

*(இதை முதலிலேயே கேளுங்கள்: "வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அளவு எட்டு, தன்னுடையது ஒன்பது. தெரிந்தும் வைத்துக்கொள்கிறார். இப்போது?" பாதி வகுப்பு 'திருட்டு' என்று சொல்லும். ஆகாது. எடுத்தபோது மனம் சுத்தமாக இருந்தது. தெரிந்த பிறகு தன் உபயோகத்துக்கு வைத்துக்கொண்டது பிரிவு 314, நேர்மையற்ற கையாடல். எந்த நொடியில் எந்த மனம் என்பதுதான் இன்றைய வகுப்பு முழுவதும்.)*

ஸ்லைடு 2: பழைய வாசகம்

ஆக்டஸ் நான் ஃபாசிட் ரியம், நிசி மென்ஸ் சிட் ரியா.
மனமும் குற்றப்பட்டால் ஒழிய, செயல் மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்காது.

*(நம் சன்ஹிதாவில் 'மென்ஸ் ரியா' என்ற சொல் எங்கும் இல்லை. ஒவ்வொரு பிரிவும் தனக்கு வேண்டிய மனத்தைத் தானே சொல்லிக்கொள்கிறது: 'நேர்மையற்று', 'மோசடியாக', 'அறிந்தே', 'உட்கருத்தோடு', 'தானாக முன்வந்து'. தேர்வில் வாசகத்தை எழுதி மட்டும் மதிப்பெண் வராது. பிரிவில் உள்ள அந்தச் சொல்லைக் காட்ட வேண்டும்.)*

ஸ்லைடு 3: எது செயல்?

1. பஸ் திடீரென்று பிரேக் போட, நின்றிருந்தவர் சாய்ந்து பக்கத்தவரின் கண்ணாடியை உடைக்கிறார். உடல் அசைந்தது, அவர் அசைக்கவில்லை. செயலே இல்லை, மனத்தைத் தேடவே வேண்டாம்.

2. டீக்கடை மேசையில் யாருடையதோ போன். 'தூக்கிடலாமா' என்று பத்து நிமிடம் யோசிக்கிறார். யோசனைக்குத் தண்டனை இல்லை. எடுக்கும் எண்ணத்தோடு ஒரு சாண் நகர்த்திவிட்டார் என்றால் திருட்டு முடிந்தது. கடையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

3. சட்டைப் பையில் கைவிட்டார். பை காலி. பிரிவு 62, முயற்சி.

4. கிணற்றில் குழந்தை விழுகிறது. கரையில் நின்ற வழிப்போக்கர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அசிங்கம்தான், ஆனால் குற்றமில்லை. அதே இடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நின்றால் கதை வேறு. சட்டக் கடமை இருக்கும் இடத்தில் செய்யாமல் விடுவதும் செயல்தான்: பிரிவு 3(4).

ஸ்லைடு 4: ஒரு பூந்தொட்டி, நான்கு மனம்

மாடியிலிருந்து பூந்தொட்டி விழுந்து கீழே போனவர் இறந்துவிட்டார். நான்கிலும் விளைவு ஒன்றே.

| தொட்டி எப்படி விழுந்தது | மனம் | பிரிவு |
|---|---|---|
| கம்பிக் கூண்டுக்குள் கட்டி வைத்தது. சூறைக்காற்று கூண்டோடு பிய்த்தது | தவறில்லை | 18, தற்செயல் |
| கைப்பிடிச் சுவர் விளிம்பில் பாதி வெளியே நீட்டி வைத்தது. பூனை தட்டியது | கவனக்குறைவு | 106(1), 5 ஆண்டு வரை |
| சந்தை நேரத்தில், கீழே கூட்டம் எனத் தெரிந்தே குப்பையோடு வீசியது | சாகக்கூடும் என்ற அறிவு | 105 இரண்டாம் பகுதி, 10 ஆண்டு வரை |
| எதிரி வரும்வரை காத்திருந்து தலைக்குக் குறிவைத்தது | கொல்லும் உட்கருத்து | 103, ஆயுள் அல்லது மரண தண்டனை |

*(இந்த ஸ்லைடுக்கு 15 நிமிடம் கொடுங்கள். மாணவர்கள் தடுமாறுவது இரண்டாம் மூன்றாம் வரிசைக்கு நடுவில். 'ஆபத்து தெரிந்திருக்க வேண்டும்' என்பது கவனக்குறைவு. 'ஆபத்து தெரிந்தே இருந்தது' என்பது அறிவு. ஆள் செத்துவிட்டார் என்பதிலிருந்து பின்னோக்கிப் போய் 'அப்படியானால் கொல்லத்தான் நினைத்திருப்பார்' என்று எழுதுவது அடிக்கடி வரும் பிழை. மனத்தை நிரூபிக்க வேண்டியது சூழ்நிலை: எந்த நேரம், எவ்வளவு உயரம், கீழே பார்த்தாரா, முன்பகை உண்டா. உண்மை வழக்கு கேட்டால் செரூபின் கிரகரி, 1964: தன் கழிப்பறையை வெளியாள் பயன்படுத்தாமல் தடுக்க வழியில் மின்சாரக் கம்பி கட்டியவர். அதில் மின்சாரம் தாக்கி இறந்தவர் அத்துமீறி நுழைந்தவர் என்ற வாதம் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ, அதாவது கவனக்குறைவால் மரணம் விளைவித்தல், அதன்படி தண்டனை நின்றது. காட்டுப்பன்றிக்கு வேலி போடுகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்.)*

ஸ்லைடு 5: 'சும்மா எடுத்துட்டுப் போனேன், கொண்டுவந்து வெச்சிருவேன்'

பக்கத்து வீட்டு ஸ்கூட்டரைக் கேட்காமல் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்ப நிறுத்துகிறார்.

நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் தேவையில்லை. பியாரே லால் பார்கவா வழக்கில் (1963) அலுவலகக் கோப்பை ஒரு நாளுக்கு வெளியே கொண்டுபோனதே திருட்டு.

ஆனால் சாவியை எப்போதும் வாசலில் தொங்கவிட்டு, 'வேணும்னா எடுத்துக்கோங்க தம்பி' என்று முன்பு சொல்லியிருந்தால்? சம்மதம் உண்டு என்று நம்பிய மனம் நேர்மையற்ற மனமல்ல.

ஸ்லைடு 6: உட்கருத்தும் காரணமும் வேறு

பசித்த பிள்ளைக்காக அரிசி திருடினாலும் திருட்டே. காரணம் நல்லது என்பது தண்டனையைக் குறைக்கப் பயன்படலாம்.

ஸ்லைடு 7: குறி தப்பினால்

முஷ்னூரு சூரியநாராயண மூர்த்தி வழக்கு, சென்னை உயர் நீதிமன்றம், 1912. ஒருவரைக் கொல்ல விஷம் கலந்த அல்வா கொடுத்தார். அவர் கொஞ்சம் தின்று வீசியதை ஒரு சிறுமி சாப்பிட்டு இறந்தாள். அவளைக் கொல்லும் எண்ணம் துளியும் இல்லை. ஆயினும் கொலை. இன்று பிரிவு 102.

ஸ்லைடு 8: இரண்டும் ஒரே நேரத்தில்

பழனிக் கவுண்டன் வழக்கு, சென்னை, 1919. மனைவியைக் கலப்பைக் கொழுவால் அடித்தார், மயங்கினாள். இறந்துவிட்டதாக நினைத்து, தற்கொலை போலக் காட்டத் தூக்கில் தொங்கவிட்டார். உயிர் போனது தூக்கில்தான்.

அடித்தபோது: கொல்லும் மனம் இல்லை. தொங்கவிட்டபோது: உயிருள்ள உடல் என்ற எண்ணமே இல்லை. முடிவு: கொலையுமல்ல, கொலையாகாத மரணம் விளைவித்தலுமல்ல, கொடுங்காயம்.

*(வகுப்பு கொதிக்கும். கொதிக்கட்டும். பிறகு 1943 தவமணி வழக்கைச் சொல்லுங்கள்: முதல் அடியிலேயே கொல்லும் எண்ணம் இருந்தது, செத்ததாக நினைத்துக் கிணற்றில் போட்டார்கள். அது கொலை. அங்கே இரண்டு செயலும் ஒரே திட்டத்தின் பகுதி.)*

ஸ்லைடு 9: மனம் கேட்காத இடம்

ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினால், 'மறந்துட்டேன் சார்' என்பது பதிலல்ல. சில ஒழுங்குமுறைச் சட்டங்களில் செயலே போதும். ஆனால் சட்டம் மௌனமாக இருந்தாலே மனம் வேண்டாம் என்று முடிவுகட்டக் கூடாது. தங்கக் கடத்தல் தொடர்பான மேயர் ஹான்ஸ் ஜார்ஜ் (1965) ஒரு பக்கம். தானிய உரிமம் தொடர்பான நாதுலால் (1966) மறுபக்கம். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

ஸ்லைடு 10: பத்து நிமிடம், இரண்டு பேராக

ஏடிஎம்மில் முன்னால் நின்றவர் பணம் வருவதற்குள் போய்விட்டார். ட்ரேயில் ₹2,000 நீட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்து வந்தவர் எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார். கேமரா பார்க்கிறது.

பிரிவு 303ஆ, 314ஆ? முதலில் எழுத வேண்டியது மனமல்ல: அந்த நொடியில் பணம் யார் கைவசம் இருந்தது, வங்கியா, போனவரா, யாருமில்லையா? அதற்குப் பிறகு, இரவு பத்து மணிக்கு வங்கிக்குப் போன் செய்து தகவல் சொன்னார் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.